43 பேர், 20 அறை, ஒரு பேருந்து

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. கோயம்புத்தூரிலிருந்து இரவு முழுக்க ஓடிவந்த சுற்றுலாப் பேருந்து கும்பகோணத்தில் ஓட்டல் வாசலுக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. தூக்கம் கலையாத முகங்களும் கையில் பிளாஸ்க்குமாக ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். முதலில் இறங்கிய பெரியவர் ரிசப்ஷனில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, ரூம் சாவி?" அடுத்து வரும் அம்மாள் கேட்பது: "டிபன் எத்தனை மணிக்குப்பா?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் அன்று காலையில் பிறப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் எழுதிய காகிதத்தில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஒரு மணி நேரம் ரிசப்ஷனில் சத்தம்தான். செக்-இன் பகல் 12 மணிக்கு என்பார் ஊழியர். பணம் முழுதும் கட்டியாகிவிட்டதே என்பார் குழுவை அழைத்து வந்தவர். இருவர் சொல்வதும் உண்மைதான்.

குழுச் சுற்றுலாவுக்கு ஓட்டல் பதிவு செய்வதை, ஓர் அறை வாடகையைப் பத்தால் பெருக்குவது போலப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குழுப் பதிவு என்பது நான்கு ஏற்பாடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட ஒரு சிறு ஒப்பந்தம். யார் எப்போது எங்கே சாப்பிடுவார்கள், யார் யாருடன் தங்குவார்கள், பணம் எந்தத் தேதியில் கைமாறும், பேருந்தை ஓட்டியவர்கள் எங்கே தூங்குவார்கள் என்பவையே அந்த நான்கு. ஒன்றில் பிசகினால் மற்ற மூன்றும் ஆட்டம் காணும்.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவகிரகத் தலங்களுக்குப் போகும் ஒரு குழுவை இங்கே கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். 42 பயணிகள், அழைத்துச் செல்லும் அமைப்பாளர் ஒருவர், ஆக 43 பேர். பேருந்தோடு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். வெள்ளி, சனி இரண்டு இரவுத் தங்கல். குழுவும் கட்டணமும் எடுத்துக்காட்டுதான். ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எந்தக் கோயில் ஊரிலும், வார இறுதி தவறாமல் ஏதாவது ஒரு ஓட்டலில் நடப்பவை.

ஓட்டல்காரர்கள் சாப்பாட்டு ஏற்பாட்டை 'மீல் பிளான்' என்பார்கள். நான்கு வகை உண்டு. அறை மட்டும் என்றால் ஈ.பி. அறையோடு காலை டிபன் சேர்ந்தால் சி.பி. டிபனோடு மதியச் சாப்பாடு அல்லது இரவுச் சாப்பாடு, இரண்டில் ஒன்று சேர்ந்தால் எம்.ஏ.பி. மூன்று வேளையும் சேர்ந்தால் ஏ.பி. அமைப்பாளர் போன் செய்ததும் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிளான் சார்?" என்பதுதான். பலரும் யோசிக்காமல் "சி.பி. போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

பயணத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தப் பதிலின் விலை தெரியும். சனிக்கிழமை இந்தக் குழுவுக்கு ஆறு கோயில்கள்: சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு. மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே காலையில் முடிந்தவரை அதிகம் தரிசித்தாக வேண்டும். ஆறு மணி நடைதிறப்புக்குச் சூரியனார்கோவிலில் இருக்க வேண்டுமென்றால் ஓட்டலை விட்டு ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். ஓட்டலில் டிபன் தொடங்குவதோ ஏழரைக்கு. சி.பி. கட்டணத்தில் தலைக்கு 200 ரூபாய் டிபனுக்கு என்று வைத்தால், அந்த ஒரு காலையில் மட்டும் பணம் கட்டும் 41 பேருக்கு 8,200 ரூபாய் வீண்.

ஏ.பி. எடுத்தாலும் அதே கதைதான். சனிக்கிழமை மதியம் பேருந்து மயிலாடுதுறைப் பக்கமோ காரைக்கால் பக்கமோ நிற்கும். சாப்பாட்டுக்காகக் கும்பகோணம் திரும்பிவர முடியாது. கட்டணத்தில் மதியச் சாப்பாடு இருக்கும், இலையில் இருக்காது.

இந்தக் குழுவுக்குப் பொருந்துவது எம்.ஏ.பி., அதிலும் இரவுச் சாப்பாட்டோடு. நாள் முழுக்க அலைந்துவிட்டு வருகிறவர்கள் மறுபடி ஓட்டல் தேடி வெளியே போக மாட்டார்கள். வயதானவர்கள் அதிகம் என்பதால், பஃபேயில் ஏழெட்டு வகை வைப்பதைவிட இட்லி, தோசை, சப்பாத்தி, மோர் சாதம் என்று இரவு டிபனாகவே கேட்டு வாங்கலாம். சனிக்கிழமை விரதம் இருப்பவர்களுக்கும் அதுதான் சரி. வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றால் எத்தனை பேருக்கு என்று எண்ணிக்கை சொல்ல வேண்டும். "கொஞ்சம் பேருக்கு" என்றால் சமையற்கட்டில் ஒரு வேலையும் நடக்காது.

இங்கே அனுபவமுள்ள அமைப்பாளர்கள்கூடச் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. மீல் பிளான் நாளைக் கொண்டு எண்ணப்படுவதில்லை, இரவைக் கொண்டு எண்ணப்படுகிறது. வெள்ளிக்கிழமை இரவுக்கான எம்.ஏ.பி. என்றால் வெள்ளி இரவுச் சாப்பாடும் சனிக்கிழமை காலை டிபனும். சனி இரவுக்கு அதேபோல் ஞாயிறு காலை டிபன் வரை. ஆக, வெள்ளி விடியற்காலை வந்து இறங்குகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலை டிபன் கணக்கிலேயே இல்லை. தொடக்கத்தில் அந்த அம்மாள் கேட்ட டிபன் அதுதான். ஏழரைக்கு 43 பேரும் வரிசையில் நின்ற பிறகு, "இது பேக்கேஜில் இல்லைங்க" என்று சொல்ல வேண்டிய நிலை எந்த ஊழியருக்கும் வரக் கூடாது.

நமது கணக்கில் அமைப்பாளர் இதை முன்கூட்டியே கவனித்துவிட்டார். சனிக்கிழமை காலை டிபனை எப்படியும் சாப்பிடப் போவதில்லை. அதை வெள்ளிக்கிழமை காலைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மேனேஜருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை, ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு காபியும் பிஸ்கட்டும் மட்டும். டிபன் வழியில் வைத்தீஸ்வரன்கோவிலில். ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஊர் திரும்புவதால் அன்று டிபன் ஆறே காலுக்குத் தொடங்க வேண்டும். இந்த மூன்று வரியும் உறுதிப்படுத்தும் கடிதத்தில் தேதி, நேரத்தோடு ஏறின.

ஐந்து மணி காபி சின்ன விஷயமாகத் தோன்றும். அது எந்த மீல் பிளானிலும் வராது. 43 பேருக்கு ஃபில்டர் காபி வேண்டுமென்றால் நாலு மணிக்கே ஒருவர் எழுந்து டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்ச வேண்டும். இரவுப் பணியில் சமையலாள் இல்லாத ஓட்டலில் அதற்கென்று ஒருவரை நிறுத்த வேண்டியிருக்கும். கேட்காமலே கிடைக்கும் என்று நம்பி, கும்பகோணத்தில் நின்றுகொண்டு காபி இல்லாமல் பேருந்து ஏறுவது கொடுமை.

கோவில் சுற்றுலாக்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. சில அமைப்பாளர்கள் சமையல்காரரையும் பாத்திரங்களையும் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு ஈ.பி. போதும். ஆனால் அறையிலோ மொட்டைமாடியிலோ கேஸ் அடுப்பு பற்றவைக்க ஓட்டல்கள் விடுவதில்லை, தீ அபாயம் கருதி விடவும் கூடாது. சமைக்கக் கல்யாண மண்டபமோ சத்திரமோ தனியாகப் பேசிவிட்டுத்தான் ஈ.பி. கேட்க வேண்டும்.

சாப்பாடு முடிவானதும் அடுத்தது யாருக்கு எந்த அறை என்ற பட்டியல். ரூமிங் லிஸ்ட் என்று இதற்குப் பெயர். பெயர்களை வரிசையாக டைப் செய்து அனுப்பினால் போதும் என்று நினைத்தால், அங்கேதான் ஆரம்பிக்கிறது தலைவலி.

நமது குழுவில் 12 தம்பதிகள். தனியாக வரும் பெண்கள் ஒன்பது பேர், ஆண்கள் ஐந்து பேர். எட்டு வயதும் நாலு வயதுமான இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம். தம்பதிகளுக்கு 12 அறை. பெண்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் இரண்டிரண்டாக மூன்று அறை, மீதி மூவர் ஓர் அறையில் கூடுதல் கட்டிலோடு. ஆண்கள் ஐந்து பேரோடு அமைப்பாளரும் சேர்ந்தால் ஆறு, அவர்களுக்கு மூன்று அறை. குடும்பத்துக்கு ஓர் அறை. எட்டு வயதுக்குக் கூடுதல் கட்டில், நாலு வயதுக்கு இலவசம். மொத்தம் 20 அறை, இரண்டு கூடுதல் கட்டில்.

இதில் எண்ணிக்கையைவிட முக்கியமானது கட்டில். தம்பதி அறை என்றால் ஒரே பெரிய கட்டில். ஒருவரை ஒருவர் பேருந்தில்தான் முதல்முறை பார்த்த இரண்டு பெண்களுக்கு வேண்டியது தனித்தனியாக இரண்டு கட்டில். ஓட்டல் மொழியில் முன்னது டபுள், பின்னது ட்வின். "இரண்டு பேர் அறை 20" என்று மட்டும் எழுதி அனுப்பினால், ஓட்டல் தன்னிடம் இருப்பதைத் தரும். நமக்கு வேண்டியது 13 டபுள், 7 ட்வின். பல நடுத்தர ஓட்டல்களில் ட்வின் அறைகள் குறைவு. ஆகவே அந்த ஏழு இருக்கிறதா என்று பெயர்ப்பட்டியல் வருவதற்கு முன், பதிவு செய்யும் அன்றே கேட்டுவிட வேண்டும். சேர்ந்திருக்கும் கட்டில்களைப் பிரித்துப் போடக்கூடிய அறைகள் சில ஓட்டல்களில் உண்டு, அதையும் கேட்கலாம்.

பட்டியலில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டில் 'பாப்பாத்தி' என்று கூப்பிடுகிறவர் ஆதாரில் வேறு பெயரில் இருப்பார். ஒரே குழுவில் மூன்று லட்சுமி இருப்பார்கள், இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும். வயதை எழுதிவிட்டால் குழப்பம் பாதி தீரும். கடைசிப் பத்தி 'குறிப்பு'. மற்ற பத்திகளைவிட அதிகக் கவனத்தோடு நிரப்ப வேண்டியது அதுதான். நல்ல பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

"அறை 14, ட்வின். ஆர். லட்சுமி, 71. எஸ். கமலா, 68. முழங்கால் வலி, தரைத்தளம் அல்லது லிஃப்ட் பக்கம். வெஸ்டர்ன் டாய்லெட் அவசியம். சர்க்கரை, இரவு எட்டரைக்குள் சாப்பிட வேண்டும்."

இந்த ஒரு வரியைப் படித்த ரிசப்ஷன் ஊழியர் மூன்றாவது மாடி மூலை அறையை அந்த இருவருக்கும் தரமாட்டார். குறிப்புப் பத்தி காலியாக வந்தால், எந்த அறை முதலில் சுத்தமாகிறதோ அதைத்தான் தருவார். அவரைக் குறை சொல்ல வழியில்லை.

சனிக்கிழமை இரவுக்கு இந்தக் குறிப்பு இன்னொரு வகையிலும் உதவும். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தில் தரிசனம் முடித்து ஓட்டல் திரும்ப இரவு பத்தாகிவிடும். எட்டரைக்குள் சாப்பிட வேண்டியவர்களுக்கு வழியிலேயே சிற்றுண்டி வாங்கித் தர வேண்டும் என்பது அமைப்பாளருக்கு இந்தப் பத்தியைப் பார்த்ததும் தெரியும். மற்றவர்களுக்காக, திருநள்ளாற்றில் பேருந்து கிளம்பியதும் ஓட்டலுக்கு ஒரு போன். அங்கிருந்து கும்பகோணம் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். சமையற்கட்டை மூடாமல் தோசைக்கல்லைச் சூடாக வைத்திருக்க அவர்களுக்கு அந்த அவகாசம் போதும்.

பட்டியலோடு அடையாள அட்டை நகல்களையும் மூன்று நாள் முன்னதாக அனுப்பிவிட்டால், வந்து இறங்கும்போது அட்டையைக் காட்டினால் போதும். இல்லையென்றால் 43 பேருடைய அட்டைகளையும் வாங்கி நகல் எடுத்துத் திருப்பித் தருவதற்குள் விடிந்துவிடும். ஆதார் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புவது நல்லது. நாற்பது பேரின் முழு எண்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது யாருக்கும் நல்லதல்ல. குழுவில் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தாலும், அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை ஓட்டல் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட், விசா விவரங்கள் தேவை.

விடியற்காலைச் சாவிக்கு வருவோம். அறைகள் வெள்ளி பகல் 12 மணியிலிருந்துதான் குழுவுக்கு. முந்தைய இரவு தங்கியவர்கள் இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள். 20 அறையையும் வியாழன் இரவிலிருந்தே எடுத்தால் ஓர் இரவு வாடகை முழுதாகக் கூடும். இதற்கு எளிய வழி, வியாழன் இரவுக்கு நாலு அறை மட்டும் ஈ.பி.யில் எடுத்துக்கொள்வது. பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, நடக்க முடியாதவர்கள் படுக்க ஒன்று. முறைபோட்டுக் குளித்து, டிபன் முடித்து, பத்தரைக்குத் திருநாகேஸ்வரம் போய்விடலாம். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அந்த நேரப் பாலாபிஷேகத்தைப் பார்க்கத்தானே அந்தக் கோவிலை அன்று வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது அறைகள் தயாராக இருக்கும்.

இனி பணம். ஒரு அறைக்கு ஓர் இரவு எம்.ஏ.பி. கட்டணம் 3,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 அறை, இரண்டு இரவு: 1,44,000. கூடுதல் கட்டில் ஒன்றுக்கு 1,000 வீதம் இரண்டு இரவுக்கு 4,000. அமைப்பாளருக்கு இலவசம் என்று ஓட்டல் ஒப்புக்கொண்டதால் பாதி அறையின் இரண்டு இரவுக் கட்டணம் 3,600 கழியும். வியாழன் இரவின் நாலு அறை, ஈ.பி.யில் 2,400 வீதம் 9,600. ஆக 1,54,000. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. வரி 7,700. மொத்தம் 1,61,700 ரூபாய்.

இதை ஓட்டல் ஒரேயடியாகக் கேட்காது, கடைசி நாள் வரை காத்திருக்கவும் செய்யாது. முதலில் அறைகளை ஒரு வாரம் 'ப்ளாக்' செய்து வைக்கும். அந்த வாரத்துக்குள் 25 சதவீதம், அதாவது 40,425 ரூபாய் கட்டினால் பதிவு உறுதி. கட்டாவிட்டால் அறைகள் தானாக விடுபடும். யாரும் போன் செய்து கேட்கமாட்டார்கள். பயணத்துக்கு 30 நாள் முன் இன்னொரு 40,425. ஏழு நாள் முன் மீதிப் பாதி, 80,850. தேதிகளும் விகிதமும் ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். ஆனால் ரத்துக்கான பிடித்தம் அநேகமாக இந்தத் தேதிகளையே ஒட்டி ஏறும்: பயணம் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் பணம் குறையும்.

அமைப்பாளருக்கு வரும் ஆபத்து இங்கேதான். அவர் 42 பேரிடம் பணம் வசூலிக்கிறார். "பென்ஷன் வந்ததும் தர்றேன்" என்பவர்களும் அதில் இருப்பார்கள். ஓட்டலுக்குக் கட்ட வேண்டிய தேதியும் பயணிகளிடம் வாங்கும் தேதியும் ஒன்றாக இருந்தால், தாமதமான தொகையை அவர் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். ஓட்டல் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகப் பயணிகளின் தேதியை வைப்பவர்கள் இந்த நெருக்கடிக்கு ஆளாவதில்லை.

விலகுகிறவர்களைப் பற்றியும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஆறு பேர் வரவில்லை என்கிறார்கள். அவர்கள் மூன்று தம்பதிகள் என்றால் மூன்று அறை குறையும். பத்து சதவீதம் வரை பிடித்தமில்லாமல் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், இருபதில் இரண்டு அறைக்குச் செலவில்லை. மூன்றாவது அறைக்கு ஓர் இரவுக் கட்டணம் பிடித்தால் வரியோடு 3,780 ரூபாய்.

அதே ஆறு பேர், ஆறு வெவ்வேறு அறைகளிலிருந்து ஒவ்வொருவராக விலகினால்? அறை ஒன்றுகூடக் குறையாமல் போகலாம். தம்பதியில் கணவர் மட்டும் வரவில்லை என்றால் மனைவிக்குத் தனி அறை ஆகிவிடும், அல்லது அவர் பெண்கள் அறையொன்றில் சேர வேண்டும். ஆண் ஒருவரை அங்கே நிரப்ப முடியாது. தலைக்கு இவ்வளவு என்று பயணிகளிடம் வாங்கிவிட்டு, அறைக்கு இவ்வளவு என்று ஓட்டலுக்குக் கட்டுகிற அமைப்பாளர் நஷ்டப்படுவது இந்த இடைவெளியில்தான். "தனி அறை ஆனால் வித்தியாசத் தொகை பயணியைச் சேர்ந்தது" என்று முதல் ரசீதிலேயே அச்சிட்டுவிடுவது இரு தரப்புக்கும் நேர்மையான வழி.

ரொக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுக்கிறது. நமது குழு அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டு பேருந்தாகப் போனால் தொகை 3 லட்சத்தைத் தாண்டும். தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் பயணம் ஒன்றுதான் என்பதால், வங்கி வழியாகவே கட்ட வேண்டும்.

சனிப்பெயர்ச்சி, மாசிமகம் போன்ற நாட்களில் மேலே சொன்ன சலுகைகள் பெரும்பாலும் எடுபடாது. முழுத் தொகையும் முன்கூட்டியே கேட்பார்கள், பத்து சதவீதக் குறைப்பும் இருக்காது. அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. அதற்குக் குழு சேர்க்க நினைப்பவர்கள் ஓட்டலின் அந்த நாளைய விதிகளை எழுத்தில் வாங்கிய பிறகே பயணிகளிடம் கட்டணம் அறிவிக்க வேண்டும்.

43 பேருக்கும் அறை, சாப்பாடு, கணக்கு எல்லாம் ஆயிற்று. பேருந்தில் வந்தவர்கள் 46 பேர்.

இரண்டு டிரைவரும் கிளீனரும் எங்கே தூங்குகிறார்கள் என்று பயணிகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பல ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து நிற்குமிடம் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். இருக்கைகளுக்கு நடுவே நடைபாதையில் துண்டு விரித்து ஒருவர் படுத்திருப்பார். பக்கவாட்டில் சாமான் வைக்கும் டிக்கியின் கதவைத் திறந்துவைத்து, கொசுவத்திச் சுருளோடு உள்ளே இன்னொருவர். சித்திரை, வைகாசியில் அந்தத் தகரப் பெட்டியின் புழுக்கத்தில் புரண்டுவிட்டு, விடிந்ததும் அவர்தான் நாற்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினர்களின் டிரைவர்களுக்குக் கழிப்பறை வசதியோடு தங்குமிடம் அமைக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. நல்ல மாற்றம். ஆனாலும் பழைய கட்டடங்கள் பல இருக்கின்றன. தங்குமிடம் உள்ள ஓட்டலிலும் ஆறு கட்டில்தான் இருக்கும். வார இறுதியில் மூன்று பேருந்து வந்தால் ஒன்பது பேர். "டிரைவர் தங்க இடம் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு: எங்கள் மூன்று பேருக்கும் கட்டில் ஒதுக்கியிருக்கிறீர்களா, ஃபேன் ஓடுமா, குளிக்க இடம் எங்கே, பகலிலும் படுக்கலாமா?

பகல் என்பதை அழுத்திக் கேட்க வேண்டும். வியாழன் இரவு ஒன்பதுக்குக் கிளம்பி, சுமார் 300 கிலோமீட்டர் மாறி மாறி ஓட்டி வந்த அந்த இரண்டு பேரும் வெள்ளி காலையில்தான் தூங்க வேண்டியவர்கள். டிரைவர் அறையை இரவுக்கு மட்டும் திறந்துவிடும் ஓட்டலில் அவர்கள் வெயிலில் நிற்கும் பேருந்துக்குத்தான் திரும்பிப் போவார்கள். பத்தரைத் திருநாகேஸ்வரத்துக்குச் சில கிலோமீட்டர்தான் என்பதால், அந்தச் சவாரிக்கு மட்டும் வேறு வண்டி அமர்த்திவிட்டு இருவரையும் மாலை வரை தூங்க விட்டார் நமது அமைப்பாளர். அன்று மாலை ஆலங்குடிக்குப் பேருந்து போனது.

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்கு இடையே தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு வேண்டும் என்று வகுத்தது. அதை இந்தப் பயணத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்புவது பதினாறரை மணி நேரம். ஒரே டிரைவரால் ஆகாது. மதியம் வரை ஒருவர், பிறகு மற்றவர் என்று பிரித்தால்தான் ஆகும். இரவு பத்துக்கு வண்டியை நிறுத்தியவருக்கு ஒன்பது மணி நேரம் என்றால் மறுநாள் காலை ஏழுக்கு முன் பேருந்து நகரக் கூடாது. ஞாயிறு புறப்பாடு ஏழு மணி என்று வைத்த காரணமும் அதுதான். "ஆறுக்கே கிளம்பினால் திங்களூரைச் சீக்கிரம் பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் போய்விடலாமே" என்று பயணிகள் கேட்டார்கள். அமைப்பாளர் ஏழுக்குக் குறையவில்லை.

அவர்களின் சாப்பாடும் எழுத்தில் வர வேண்டும். டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்று சில ஓட்டல்கள் சொல்லும்போது, அது டிரைவருக்கு மட்டுமா, கிளீனருக்கும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். பட்டியலில் எப்போதும் விடுபடுகிறவர் கிளீனர். சாப்பாட்டை பேட்டாவில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், சனிக்கிழமை இரவு பத்துக்கு மேல் திறந்திருக்கும் கடையைத் தேடி அவர்கள் அலைய வேண்டும். குழுவுக்குத் தோசை வார்க்கும் அதே கல்லில் மூன்று பேருக்குக் கூடுதலாக வார்ப்பது ஓட்டலுக்குப் பெரிய செலவல்ல. ரூமிங் லிஸ்டின் கடைசியில் மூவர் பெயரையும் வயது, போன் எண்ணோடு எழுதி, "டிரைவர் அறை, மூன்று கட்டில், வெள்ளி காலை முதல் ஞாயிறு காலை வரை, இரண்டு இரவுச் சாப்பாடு, காலை டிபன்" என்று சேர்த்தால் அது ஓட்டலின் பொறுப்பாகிவிடும்.

பேருந்து நிற்க இடமும் இதோடு சேர்ந்ததே. கும்பகோணத்தின் உள்தெருக்களில் நீளமான பேருந்தைத் திருப்ப முடியாது. ஓட்டலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தால், வண்டியையும் சாமான்களையும் பார்த்துக்கொள்ள ஒருவர் அங்கேயே படுப்பார். ஓட்டலில் கட்டில் இருந்தும் அவருக்குப் பயனில்லை. காவலாளி உள்ள பார்க்கிங் எங்கே என்று கேட்டு, அதற்கான கட்டணத்தையும் பயணச் செலவில் சேர்த்துவிட்டால் மூன்று பேரும் கட்டிலில் படுக்கலாம்.

சனிக்கிழமை இரவே ஓட்டலுக்குத் தர வேண்டிய சில்லறைக் கணக்குகளை அமைப்பாளர் அறை அறையாகக் கேட்டு முடித்துவிட்டார். துணி சலவை, தண்ணீர் பாட்டில், யாரோ கேட்டு வாங்கிய பஜ்ஜி என்று ஆறு அறைகளிலிருந்து 1,100 ரூபாய் வந்தது. ஞாயிறு காலை ஆறே காலுக்கு இட்லியும் பொங்கலும் வந்தன. கிளீனர் முன்னதாகவே சாப்பிட்டுவிட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டிரைவர் குளித்து, விபூதி இட்டு, முகம் தெளிவாக வந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். அறை 14-ன் சாவியைக் கடைசியாகக் கொண்டுவந்து கொடுத்த லட்சுமி அம்மாள் அவரைப் பார்த்து, "நல்லாத் தூங்கினியாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறினார்.